ஹாஸ்டல்ல இருந்து வர்ற "சூப்பரா இருக்கேன்மா" மெசேஜை எப்படி படிக்கணும்: முழுமையான வழிகாட்டி

நான் ஹாஸ்டல் வார்டனா இருக்கறதால ரெண்டு பக்கமும் பாக்கறேன். ஒரு பக்கம் மெஸ்ல தட்டை முன்னாடி வச்சுக்கிட்டு சும்மா கிளறிக்கிட்டே உக்காந்திருக்கற பிள்ளை, இன்னொரு பக்கம் அதே பிள்ளை அதே நேரத்துல அனுப்பின "சாப்ட்டேன்மா, இன்னைக்கு செம்ம" ங்கற மெசேஜை எங்கிட்ட காட்டி "நல்லாத்தானே சார் இருக்கான்?" னு கேக்கற அம்மா. பிள்ளைங்க ஏமாத்தணும்னு இப்படி எழுதறதில்ல, தூரத்துல இருக்கற வீட்டுக்கு கவலையை அனுப்பி வச்சா அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது, தூக்கம்தான் போகும்னு நினைச்சு எழுதறாங்க.

இங்க சொல்லப்போறது உங்களுக்கு ஏற்கனவே வந்து கிடக்கற மெசேஜை ஒழுங்கா படிக்கறது பத்தி மட்டும்தான். அவங்க போனை நோண்டறது, ஃப்ரெண்ட்ஸை வேவு பாக்க வைக்கறது எதுவும் இதுல கிடையாது, அது தெரிஞ்சா அடுத்த நாள்ல இருந்து மெசேஜே வராது.

1. உக்கார்றதுக்கு முன்னாடி கையில என்ன வேணும்

மூணு விஷயம் போதும். முதல்ல, அவங்க போனதுல இருந்து இன்னைக்கு வரைக்கும் உள்ள சாட் அப்படியே இருக்கணும், நிறைய பேர் ஸ்டோரேஜ் ஃபுல்லுன்னு அழிச்சுடறாங்க, அழிச்சுட்டா ஒப்பிட்டுப் பாக்க ஒண்ணும் இருக்காது.

ரெண்டாவது அவங்க காலேஜ் காலண்டர். இன்டர்னல் எப்போ, செமஸ்டர் எப்போ, ஃபீஸ் கட்ட கடைசி நாள் எது, மெஸ் பில் எந்த தேதியில வருது, லீவு எப்போ. ஒரே மெசேஜ் பரீட்சை வாரத்துல வந்தா ஒரு அர்த்தம், மாசக் கடைசியில வந்தா வேற அர்த்தம், அதனால தேதி தெரியாம படிக்கறது பாதி படிக்கற மாதிரிதான்.

மூணாவது, வீட்ல மத்தவங்களுக்கு வந்த மெசேஜ் பத்தின விவரம். அம்மாகிட்ட ஒரு மாதிரி, அக்காகிட்ட ஒரு மாதிரி, அப்பாகிட்ட ரெண்டே வார்த்தைன்னு இருக்கும். ஸ்கிரீன்ஷாட் வாங்க வேணாம், "உனக்கு என்ன அனுப்பினான், எப்போ அனுப்பினான்" னு வாயால கேட்டுக்கிட்டா போதும். பணக் கவலை பெரும்பாலும் இங்கதான் வெளிய வரும், ஏன்னா அப்பாகிட்ட கொஞ்சம், அண்ணன்கிட்ட கொஞ்சம்னு பிரிச்சுக் கேட்டிருப்பாங்க, யாருக்கும் மொத்தம் தெரிஞ்சிருக்காது.

2. முதல்ல அவங்களோட வழக்கம் என்னன்னு கண்டுபிடிங்க

எல்லாரும் சறுக்கற இடம் இது. இன்னைக்கு வந்த மெசேஜை எடுத்துக்கிட்டு "ஓகே னு மட்டும் போட்டிருக்கான், கோவமா?" னு கேக்கறாங்க. அவன் அஞ்சு வருஷமா ஓகே னு மட்டும்தான் போடறான்னா அதுல ஒண்ணுமே இல்ல. எப்பவும் பாரா பாராவா எழுதற பொண்ணு ஓகே னு போட்டாதான் பாக்கணும். அடுத்த வீட்டுப் பிள்ளையோட ஒப்பிட்டு ஒரு பிரயோஜனமும் இல்ல, அவங்களோட பழைய மெசேஜோட மட்டும்தான் ஒப்பிடணும்.

போன உடனே முதல் ரெண்டு வாரத்தை வழக்கம்னு எடுத்துக்காதீங்க. அப்போ எல்லாமே புதுசு, போட்டோவா வரும், இல்லன்னா ராத்திரி அழுதுக்கிட்டு போன் பண்ணுவாங்க, ரெண்டுமே நிலையான நிலவரம் இல்ல. மூணாவது வாரத்துல இருந்து ஆறாவது வாரம் வரைக்கும் உள்ளதை எடுத்துக்கிட்டு கீழ உள்ளதை மட்டும் ஒரு நோட்ல குறிச்சுக்கோங்க.

எந்த நேரத்துல மெசேஜ் வருது. யார் முதல்ல ஆரம்பிக்கறாங்க, நீங்களா அவங்களா. எத்தனை பேரோட பேர் வருது. வீட்டைப் பத்தி ஏதாவது திருப்பிக் கேக்கறாங்களா. கடைசியா, எதைப் பத்தி புலம்பறாங்க.

அந்தக் கடைசி விஷயத்தை கொஞ்சம் விரிவா சொல்லணும். மெஸ் சாப்பாடு கேவலம், பாத்ரூம்ல தண்ணி வரல, ரூம்மேட் ராத்திரி பூரா லைட்டை அணைக்க மாட்டேங்கறா, இதெல்லாம் நல்ல அறிகுறி. புலம்பறவங்க உங்ககிட்ட கதவைத் திறந்து வச்சிருக்காங்கன்னு அர்த்தம், அந்த இடத்துல வாழ ஆரம்பிச்சுட்டாங்கன்னும் அர்த்தம். நல்லா புலம்பிக்கிட்டிருந்த பிள்ளை திடீர்னு ஒரு குறையும் சொல்லாம "எல்லாம் சூப்பர்" னு போட ஆரம்பிச்சா, வீட்ல அதைப் பாத்து "செட் ஆயிட்டான்" னு நிம்மதியாகறாங்க, நான் அங்கதான் நின்னு பாக்கச் சொல்வேன். மெஸ் ஒரே வாரத்துல மாறிடாது. மாறினது அவன் உங்ககிட்ட என்ன சொல்லலாம்னு எடுத்த முடிவு.

3. ஒவ்வொரு மெசேஜா படிக்காதீங்க, வாரம் வாரமா படிங்க

வாரத்துக்கு ஒரு தடவை, வேலையெல்லாம் முடிஞ்ச நேரமா பாத்து, அந்த ஏழு நாள் சாட்டையும் மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே மூச்சுல படிங்க. ஒரு நாள் மெசேஜ்ல தலைவலி, தூக்கம், சார்ஜ் இல்லாதது, பஸ்ல இருந்தது எல்லாம் கலந்திருக்கும். ஏழு நாளை சேத்துப் படிச்சா அதெல்லாம் அடங்கி மிச்சம் இருக்கறது தெரியும்.

படிக்கும்போது என்ன இருக்குன்னு தேடறதை விட என்ன இல்லாம போச்சுன்னு தேடுங்க. முகத்துல சிரிப்பை ஒட்ட வைக்கறது சுலபம், ரெண்டு ஸ்மைலி போட்டா முடிஞ்சுது. ஆனா இல்லாத விஷயத்தை உருவாக்கி தினமும் எழுதறது கஷ்டம். அதனால முதல்ல காணாம போறது விவரம்தான். "லேப்ல இன்னைக்கு இவ பீக்கரை உடைச்சுட்டா, மேம் செம்ம திட்டு, நாங்க சிரிச்சு செத்துட்டோம்" னு எழுதினவ "இன்னைக்கு லேப் இருந்துச்சு, ஜாலியா இருந்துச்சு" னு எழுதினா, ரெண்டுமே சந்தோஷமான மெசேஜ்தான், ஆனா ரெண்டாவதுல ஆள் இல்ல, சம்பவம் இல்ல.

அதே மாதிரி "நாங்க" எங்க போச்சுன்னு பாருங்க. "நாங்க போனோம், நாங்க சாப்ட்டோம்" னு இருந்தது "போனேன், சாப்ட்டேன், படுத்துட்டேன்" னு மாறி அது மூணு வாரமா தொடருதுன்னா, கூட்டத்துல இருந்து விலகி இருக்காங்கன்னு சந்தேகப்படலாம். ஒரு வாரம்னா விடுங்க, ஃப்ரெண்ட்ஸுக்குள்ள சண்டையா இருக்கும், அது தானா சரியாகும்.

இதுல எதிர்ப்பக்கமும் இருக்கு. ரொம்ப சந்தோஷமா இருக்கற பிள்ளையும் மெசேஜ் அனுப்ப மாட்டாங்க, மறந்துடுவாங்க. அந்த அமைதியை எப்படி பிரிச்சுப் பாக்கறதுன்னா, ரெண்டு நாள் கழிச்சு வந்தாலும் ஓடி வந்து கொட்டுவாங்க, மூச்சு விடாம கதை இருக்கும். கஷ்டத்துல இருக்கறவங்க அமைதி வேற மாதிரி, குட்மார்னிங் தவறாம வரும், குட்நைட் தவறாம வரும், நடுவுல ஒண்ணும் இருக்காது.

4. மூணு கவலையும் மூணு விதமா தடம் விடும்

வீட்டு ஏக்கம், பணம், படிப்பு அழுத்தம். இதுல எதுன்னு தெரியாம உதவி பண்ணப் போனா பல நேரம் எதிர்மறையா போகும், அதுக்கு உதாரணம் அடுத்த பகுதியில வருது.

*வீட்டு ஏக்கம்.* கேள்விகள் வீட்டோட சின்னச் சின்ன விஷயத்தை நோக்கி இருக்கும். நாய் என்ன பண்ணுது, என் ரூம்ல யார் படுக்கறா, இப்ப என்ன சமையல், இப்ப எல்லாரும் எங்க உக்காந்திருக்கீங்க. லீவுக்கு இன்னும் இத்தனை நாள்னு எண்ணுவாங்க. மெசேஜ் வர்ற நேரம் சாயங்காலமும் லீவு நாளும்தான் அதிகம், ஏன்னா கிளாஸ் இருக்கறப்ப மனசு ஓடிடும், சும்மா இருக்கறப்பதான் வீடு ஞாபகம் வரும். சில பேர் இதுக்கு நேர் எதிரா வீடியோ கால் மட்டும் தட்டிக் கழிப்பாங்க, "நெட் இல்ல, அப்புறம்" னு. உங்க முகத்தைப் பாத்தா அழுதுடுவோம்னு பயம். சாதாரணமா முதல் சில வாரம் அதிகமா இருந்து குறையும், லீவு முடிஞ்சு திரும்பிப் போன உடனே மறுபடி எட்டிப் பாக்கும், அதைப் பாத்து பயந்துடாதீங்க.

*பணம்.* இதுல "பணம்" ங்கற சொல்லே வராது. அதுக்கு பதிலா வேண்டாம்னு சொல்றதுக்கான காரணங்கள் வரும். "எனக்கு அந்தப் படம் பிடிக்காது", "அவங்க மட்டும் போனாங்க, நான் டயர்டு", "பழைய ஷூவே நல்லாத்தான் இருக்கு", "பசிக்கல, மத்தியானம் ஹெவி". தனித்தனியா எல்லாமே நம்பற மாதிரி இருக்கும், ஒரே மாசத்துல இப்படி நாலு காரணம் சேந்து வந்தா பாக்கணும், அதுவும் மாசக் கடைசியில கூடி, பணம் போட்ட மறுநாள் காணாம போச்சுன்னா கிட்டத்தட்ட உறுதி. ரீசார்ஜ் முடிஞ்சு ஹாஸ்டல் வைஃபை இருக்கற நேரத்துல மட்டும் ஆன்லைன்ல வர்றதும் இதுல சேரும். இன்னொண்ணு, அடிக்கடி சின்னச் சின்னதா கேட்டுக்கிட்டிருந்தவங்க திடீர்னு கேக்கறதையே நிறுத்தினா சிக்கனமா ஆயிட்டாங்கன்னு முடிவு பண்ணாதீங்க, ஃப்ரெண்டுகிட்டயோ ஏதாவது லோன் ஆப்லயோ வாங்க ஆரம்பிச்சிருக்கலாம்.

*படிப்பு அழுத்தம்.* நேரம்தான் முதல்ல மாறும். ராத்திரி ரெண்டு மணிக்கு பதில், மத்தியானம் முழுக்க அமைதி. பாடத்தோட பேர் மெசேஜ்ல இருந்து மறையும், "எக்ஸாம் எப்படி?" னு கேட்டா "ஓகேதான்மா" னு வந்து அடுத்த வரியிலயே வேற பேச்சுக்குத் தாவுவாங்க. தலைவலி, வயித்துவலி, கண்ணு எரியுதுன்னு உடம்புப் புகார் போற போக்குல வரும். "அப்புறம் பேசறேன்" னு சொல்லிட்டு பேசாம விடறது கூடும்.

இந்த மூணுலயும் "சாப்பிடல" ங்கறது பொதுவா வரும், அங்கதான் குழப்பம். எப்போ சாப்பிடலன்னு பாருங்க. மாசக் கடைசியில மட்டும்னா பணம். பரீட்சை வாரத்துல மட்டும்னா அழுத்தம். தேதியே இல்லாம, மெஸ்ல தனியா போய் உக்கார பிடிக்காம விடறாங்கன்னா ஏக்கம் அல்லது தனிமை. மெஸ் பில் முழு மாசத்துக்கும் முன்கூட்டியே கட்டற இடமா இருந்தா பணக் காரணம் அடிபட்டுப் போகும், அதுக்குத்தான் மெஸ் பில் எப்படின்னு முதல்லயே தெரிஞ்சு வச்சுக்கச் சொன்னேன்.

5. ஒரு கேஸை முழுசா படிச்சுப் பாப்போம்

முதல் வருஷப் பொண்ணு ஒருத்தி, அடையாளம் தெரியாத மாதிரி மாத்தித்தான் சொல்றேன். அவங்க அம்மா எங்கிட்ட சாட்டைக் காட்டினப்ப இப்படி இருந்துச்சு.

நாலாவது வாரம், சாயங்காலம் ஆறரை: "மா மெஸ் பத்தி பேசாதீங்க வெறுப்பா இருக்கு, நானும் எதிர் ரூம் அக்காவும் வெளிய போய் சாப்ட்டோம், ரெக்கார்ட் நோட் வாங்கணும் காசு போடுங்க".

எட்டாவது வாரம், ராத்திரி ஒன்பது: "சாப்ட்டேன்மா, சூப்பர். ரெக்கார்ட் நோட் சீனியர்கிட்ட பழசு இருந்துச்சு அதுலயே மிச்சப் பக்கம் இருக்கு, வேணாம்".

ஒன்பதாவது வாரம்: "டூர்க்கு பேர் குடுக்கலமா, எனக்கு பஸ்ல போனா வாந்தி வரும்ல. இங்க ஜாலியாத்தான் இருக்கேன், நீங்க ஒண்ணும் அனுப்ப வேணாம், இருக்கு. அப்பா எப்படி இருக்காரு? வேலைக்குப் போறாரா?"

அம்மா இதை வீட்டு ஏக்கம்னு படிச்சாங்க, அப்பாவைப் பத்தி கேக்கறா, வீட்டு ஞாபகம்னு. அதனால தினமும் மூணு தடவை போன் பண்ண ஆரம்பிச்சாங்க. பொண்ணு எடுக்கறதையே குறைச்சுட்டா. கவலை இன்னும் கூடிப் போய்தான் என்கிட்ட வந்தாங்க.

இப்ப வரிசையா பாருங்க. புலம்பல் நின்னுடுச்சு. எதிர் ரூம் அக்கா காணோம். வேண்டாம்னு சொல்ற காரணம் ரெண்டு வாரத்துல மூணு, மூணுமே செலவு வர்ற இடத்துல: நோட்டு, டூர், பணம் அனுப்பறது. அப்புறம் அந்தக் கேள்வி. வீட்டு ஏக்கத்துல வர்ற கேள்வி "அப்பா என்ன பண்றாரு" னு இருக்கும். இவ கேட்டது "வேலைக்குப் போறாரா" னு. பஸ் வாந்தியையும் அம்மாகிட்ட கேட்டேன், சின்ன வயசுல இருந்துச்சு சார், இப்ப இல்லன்னாங்க.

இதுல எதுவும் நிரூபணம் இல்ல, பணமா இருக்கலாம்ங்கற ஒரு ஊகம், அவ்வளவுதான். அம்மாகிட்ட "வீட்ல பண விஷயமா அவ காதுல விழற மாதிரி ஏதாவது பேசினீங்களா" னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சு, ஏழாவது வாரம் அவ ஊருக்கு வந்தப்ப அப்பாவுக்கு முதுகு வலி, வேலை பாதியா குறைஞ்சுடுச்சு, அடுத்த ஃபீஸுக்கு கடன்தான் வாங்கணும்னு ராத்திரி பேசிக்கிட்டிருந்ததா சொன்னாங்க. அவ தூங்கிட்டான்னு நினைச்சிருக்காங்க.

அந்த வாரத்துக்கு அப்புறம்தான் மெசேஜ் சந்தோஷமா மாறியிருக்கு. தேதியை வச்சுப் படிக்காம இருந்தா இது சிக்கியிருக்காது.

அம்மா போன் பண்றதைக் குறைச்சுட்டு, ஒரு நாள் நேர்ல வந்து கணக்கைச் சொன்னாங்க. எவ்வளவு வருது, ஃபீஸுக்கு என்ன ஏற்பாடு, எது கஷ்டம், எது கஷ்டமில்ல, மாசத்துக்கு உனக்கு இவ்வளவு, அது குறையாதுன்னு. பொண்ணு அழுதா, அப்புறம் எதிர் ரூம் அக்காகிட்ட வாங்கின கைமாத்தைச் சொன்னா, அதைத் திருப்பிக் குடுக்க முடியலன்னுதான் அந்த அக்காவைப் பாக்கறதையே தவிர்த்திருக்கா. பணக் கவலைதான் தனிமையையும் கொண்டு வந்திருக்கு. கடன் அன்னைக்கே திரும்பிப் போச்சு, அந்தப் பேர் அடுத்த வாரமே மெசேஜ்ல திரும்பி வந்துச்சு.

6. ஊகத்தை உறுதிப்படுத்தற விதம்

படிச்சு முடிச்ச உடனே "உனக்கு ஏதோ பிரச்சனை, எனக்குத் தெரியும்" னு போகாதீங்க. "ஏதாவது பிரச்சனையா?" ங்கற கேள்விக்கு "இல்லமா" தான் பதில், அது அனிச்சையா வரும்.

நடந்து முடிஞ்ச, சின்ன, குறிப்பான விஷயத்தைக் கேளுங்க. "நேத்து ராத்திரி யார்கூட சாப்ட்ட?" "இந்த வாரம் எதையாவது வாங்கலாம்னு போய் வாங்காம வந்தியா?" "இன்னைக்கு காலைல எத்தனை மணிக்கு எழுந்த?" இதுக்கு சூப்பர்னு பதில் சொல்ல முடியாது, ஏதோ ஒரு விவரம் சொல்லியாகணும், அந்த விவரத்துல இருந்து பேச்சு தானா போகும். ஒரே நாள்ல மூணையும் கேட்டா விசாரணை ஆயிடும், ஒரு பேச்சுல ஒண்ணு போதும்.

எங்க இருந்து பேசறாங்கங்கறதையும் யோசிங்க. ரூம்ல மூணு பேர் இருக்காங்க, எல்லாருக்கும் கேக்கும், அங்க நின்னுக்கிட்டு எந்தப் பிள்ளையும் "என்கிட்ட காசு இல்லமா" னு சொல்லாது. "பக்கத்துல ஆள் இருக்காங்களாடா? இருந்தா ம் னு மட்டும் சொல்லு, நான் அப்புறம் கூப்பிடறேன்" னு பழக்கப்படுத்தி வைங்க. மொட்டை மாடியோ கிரவுண்டோ, தனியா நடந்துக்கிட்டே பேசற நேரம் ஒண்ணு வாரத்துல இருக்கணும்.

உங்க பக்கத்துல இருந்து ஒரு நிஜத்தை முதல்ல சொல்றதும் வேலை செய்யும். "இந்த வாரம் எனக்கு ஆஃபீஸ்ல ரொம்ப சிரமமா இருந்துச்சுடா" னு நீங்க சொன்னா, இந்த வீட்ல கஷ்டத்தைச் சொல்லலாம்னு அவங்களுக்குத் தெரியும். நீங்களும் தினமும் "இங்க எல்லாரும் நல்லா இருக்கோம்" னே போட்டுக்கிட்டிருந்தா அதே பாணிதான் திரும்பி வரும். மெசேஜ்ல பிடிபடலன்னா குரல்ல கேளுங்க, குரல்லயும் தெரியலன்னா நேர்ல போய் கூட உக்காந்து சாப்பிடுங்க. இந்த வரிசையிலயே போங்க, எடுத்த எடுப்புல சொல்லாம கொள்ளாம போய் நின்னா அவங்க பயந்து இன்னும் நல்லா நடிப்பாங்க.

7. எதுன்னு தெரிஞ்சப்புறம் பண்ண வேண்டியது

ஏக்கம்னா, உடனே வீட்டுக்கு வான்னு சொல்லாதீங்க. ஒவ்வொரு வாரமும் ஓடி வர ஆரம்பிச்சா அங்க ஆள் பழக்கமாகறதுக்கு நேரமே கிடைக்காது, ஏன்னா பழக்கம் உருவாகறதே வாரக் கடைசியிலதான். அதுக்கு பதிலா போன் பேசற நேரத்தை நிலையா வைங்க, அடுத்து பாக்கப் போற தேதியை முன்னாடியே சொல்லிடுங்க. தேதி தெரிஞ்சா ஏக்கம் தாங்கற அளவுக்கு வந்துடும். "நீ இல்லாம வீடே வெறிச்சோடி இருக்கு" னு அழறதை அவங்ககிட்ட வச்சுக்காதீங்க, அவங்க உங்களைத் தேத்தற வேலையையும் சேத்து சுமப்பாங்க.

பணம்னா, கேக்காம குறிப்பிட்ட நாள்ல போட்டுடுங்க. அவங்களுக்கு கஷ்டமே கேக்கறதுலதான், தொகை சின்னதா இருந்தாலும் பரவால்ல, நாள் மாறக் கூடாது. முடிஞ்சா மாசத்துக்கு ஒரு தடவை போடறதை வாரத்துக்கு ஒரு தடவையா பிரிங்க, மாசக் கடைசிங்கற பள்ளமே வராது. ஏற்கனவே கடன் இருக்கான்னு கேக்கும்போது "யார்கிட்டயாவது குடுக்க வேண்டியது இருந்தா சொல்லு, திட்ட மாட்டேன்" னு சொல்லிட்டு நிஜமாவே திட்டாம இருங்க. திட்டினா அடுத்த கடன் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

அழுத்தம்னா மார்க்கை கடைசியா கேளுங்க. முதல்ல தூக்கம், அப்புறம் எந்த ஒரு பாடம் கழுத்தை நெரிக்குதுன்னு கேளுங்க. "எல்லாமே கஷ்டம்" னு சொன்னாலும் தோண்டினா பெரும்பாலும் ஒண்ணோ ரெண்டோதான் இருக்கும், அதுக்கு டியூட்டரையோ சீனியரையோ போய் பாக்கறதை அவங்களே பண்ணட்டும், நீங்க டிபார்ட்மென்ட்டுக்கு போன் போடாதீங்க.

இந்த மூணுலயும் சேராத ஒண்ணு இருக்கு. ரூம் மாத்தணும்னு காரணம் சொல்லாம கேக்கறது, பொருள் தொலைஞ்சதா அடிக்கடி சொல்றது, ராத்திரி மெஸ்ஸுக்கோ வராண்டாவுக்கோ போகாம இருக்கறது, ஒரு ஆள் பேரை எடுத்தாலே பேச்சு மாறறது. யாரோ மிரட்டறாங்களான்னு நேராவே கேளுங்க, ஆமான்னா அன்னைக்கே வார்டனுக்கும் காலேஜுக்கும் எழுத்துல குடுங்க.

8. காத்திருக்கக் கூடாத நேரம்

வாரம் வாரமா படிக்கற முறையெல்லாம் சில மெசேஜுக்குப் பொருந்தாது. "நான் இல்லன்னா உங்களுக்கு பாரம் குறையும்", "எல்லாத்துக்கும் ஸாரிமா", "தம்பியை நல்லா பாத்துக்கோங்க" ங்கற மாதிரி கடைசியா விடைபெற்றுக்கற தொனி, பிரியமா வச்சிருந்த பொருளை மத்தவங்களுக்குக் குடுத்துட்டேன்னு சொல்றது, பல வாரம் சோர்ந்து கிடந்துட்டு ஒரே நாள்ல ரொம்ப அமைதியா மாறறது. இது வந்தா அந்த நிமிஷமே போன் பண்ணுங்க.

"சாகணும்னு தோணுதா?" னு நேராவே கேளுங்க. கேட்டா அந்த எண்ணத்தை நாமளே விதைச்சுடுவோமோன்னு பயப்படறாங்க, அப்படி ஆகாது, கேட்டதாலேயே மனசு லேசாகி பேசினவங்கதான் அதிகம். ஆமான்னு சொன்னாலும், சுத்தி வளைச்சாலும், போனை எடுக்காமலே இருந்தாலும், உடனே வார்டனுக்கோ ரூம்மேட்டுக்கோ போன் பண்ணி ஒரு ஆள் பக்கத்துலயே இருக்க வைங்க, தனியா விடக் கூடாது. லைன்ல இருக்கும்போதே நீங்க கிளம்புங்க, அன்னைக்கே டாக்டரைப் பாருங்க. ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் எங்களை எழுப்பலாம், வார்டன் அதுக்குத்தான் இருக்கோம்.

இவ்வளவு தீவிரமா இல்லாம, ரெண்டு வாரத்துக்கு மேல பெரும்பாலான நாள் சோர்வாவே இருந்து, தூக்கமும் சாப்பாடும் கெட்டு, கிளாஸுக்கும் போகலன்னா அது ஏக்கம், அழுத்தம்னு நாம பேர் வச்சு சமாளிக்கற விஷயம் இல்ல. மனநல டாக்டர்கிட்டயோ காலேஜ் கவுன்சிலர்கிட்டயோ கூட்டிட்டுப் போங்க.

9. திரும்பத் திரும்ப நான் பாக்கற தப்புகள்

லாஸ்ட் சீன் பாத்து முடிவு பண்றது. ராத்திரி ஒரு மணிக்கு ஆன்லைன்ல இருந்தான்ங்கறதுல ஒரு தகவலும் இல்ல, அந்த வயசுல எல்லாருமே இருப்பாங்க. "ஒரு மணிக்கு யார்கூட பேசின?" னு கேட்டா நடக்கறது ஒண்ணே ஒண்ணு, லாஸ்ட் சீனை மறைச்சு வச்சுடுவாங்க.

பழைய மெசேஜை ஆதாரமா எடுத்துக் காட்டறது. "போன மாசம் இப்படி எழுதின, இந்த மாசம் இப்படி எழுதற" னு சொன்னா, தன் மெசேஜை யாரோ கணக்கெடுக்கறாங்கன்னு தெரிஞ்சு எழுதறதையே மாத்திக்குவாங்க. நோட்ல குறிச்சது உங்க கண்ணுக்கு மட்டும்.

மெசேஜை சொந்தக்காரங்க குரூப்ல போடறது. பெருமைக்குப் போட்டாலும் சரி, கவலைக்குப் போட்டாலும் சரி. சித்தப்பா போன் பண்ணி "என்னப்பா சாப்பிடறதில்லையாமே" னு கேட்ட நாள்ல இருந்து அந்தப் பிள்ளை உங்களுக்கு எழுதற ஒவ்வொரு வரியையும் ஊருக்கே எழுதற மாதிரிதான் எழுதும்.

முதல் பதில்லயே தீர்வு சொல்லிடறது. "தலைவலிக்குதுமா" னு வந்த உடனே "போன் பாக்காத, தண்ணி குடி, சீக்கிரம் படு" னு மூணு உத்தரவு போகுது, அதோட பேச்சு முடிஞ்சுது. "எப்ப இருந்துடா?" னு ஒரு கேள்வி கேட்டுட்டு காத்திருந்து பாருங்க. சில நேரம் பத்து நிமிஷம் டைப்பிங்னு காட்டி, நின்னு, மறுபடி காட்டி, கடைசில "ஒண்ணுமில்லமா" னு வரும். அப்ப தோண்டாம "சரிடா, நான் முழிச்சுத்தான் இருக்கேன், எப்ப வேணா கூப்பிடு" னு போட்டுட்டு, போனை சைலன்ட்ல போடாம பக்கத்துல வச்சுக்கோங்க.